ரயில் நகர்ற அந்தப் பத்து செகண்ட்ல என்ன சொல்றது

சொந்தக்காரங்கள வழியனுப்பப் போறவங்க நிறைய பேர் சொல்ல வேண்டியத கடைசில சொல்லிக்கலாம்னு மனசுல வெச்சிருப்பாங்க. ஆனா அந்தக் கடைசி எவ்ளோ சின்னதுன்னு யாரும் கணக்கு போட்டுப் பாக்கறதில்ல. ரயில் மெதுவாத்தான் நகர ஆரம்பிக்கும், முதல் 5 செகண்ட்ல பெட்டி நாலு மீட்டர் போல நகர்ந்திருக்கும், கூடவே நடந்து பேசிடலாம்னு தோணும், 10 செகண்ட் ஆகறப்ப சுமார் 15 மீட்டர் போயிருக்கும், 15 செகண்ட்ல முப்பது மீட்டரத் தாண்டிடும், அதுக்கப்புறம் நீங்க என்ன கத்தினாலும் சக்கரச் சத்தம் தான் கேக்கும். அதாவது கடைசி வார்த்தைன்னு உங்களுக்குக் கிடைக்கறது ஒரே ஒரு சின்ன வாக்கியம், மூணு நாலு வார்த்தை, அவ்ளோதான்.

எங்க பெரியப்பா ஊருக்குக் கிளம்பினப்ப எனக்கு இது தெரியல. ஜன்னல் பக்கத்துல நின்னுக்கிட்டு மாத்திரை எடுத்தீங்களா, கண்ணாடி எங்க, சார்ஜர் எந்தப் பைல இருக்குன்னு கேட்டுக்கிட்டே இருந்தேன், அவரும் பைய துழாவிக்கிட்டே இருந்தார், அப்படியே ரயில் நகர்ந்துடுச்சு. அவர் நிமிர்ந்து என்னமோ சொன்னார், எனக்குக் கேக்கல, தலைய மட்டும் ஆட்டினேன். ராத்திரி போன்ல கேட்டா, "ஒண்ணுமில்லம்மா, நீ உடம்பப் பாத்துக்கோன்னு சொன்னேன்"ங்கறார். மாத்திரை அவர் சட்டைப் பாக்கெட்லயே தான் இருந்திருக்கு. அன்னைலேர்ந்து வழியனுப்பப் போறதுன்னா ஒரு ஒழுங்கு வெச்சுக்கிட்டேன், அத அப்படியே சொல்றேன், முதல் தடவை போறவங்களுக்கு உதவும்.

முதல் வேலை: காரியப் பேச்ச தனியா பிரிச்சு எடுத்துடுங்க

ஸ்டேஷன்ல நாம பேசறது ரெண்டு ரகம். ஒண்ணு காரியம், டிக்கெட், அடையாள அட்டை, மாத்திரை, இறங்கினதும் யாரு கூட்டிட்டுப் போவாங்க, இதெல்லாம். இன்னொண்ணு மனசு, அதாவது போயிட்டு வா, பாத்துக்கோ, நான் இருக்கேன். காரியம் எப்பவுமே சத்தமா வந்து முன்னாடி நிக்கும், ஏன்னா கேள்வி கேக்கறது சுலபம், மனசுல இருக்கறத சொல்றது கஷ்டம், அதனால நமக்கே தெரியாம சார்ஜர் பின்னாடி ஒளிஞ்சுக்குவோம்.

அதனால காரியக் கேள்வி எல்லாத்தையும் வீட்ட விட்டுக் கிளம்பறதுக்கு முன்னாடியே முடிச்சுடுங்க. அப்ப ஏதாவது விட்டுப் போயிருந்தாலும் எடுத்துக்கலாம். பிளாட்பாரத்துக்கு வந்தப்புறம் ஒரே ஒரு விதி தான், இப்ப அவங்களால சரிபண்ண முடியற விஷயத்த மட்டும் கேளுங்க. "டிக்கெட் போன்ல திறக்குதா பாரு"ன்னு கேக்கலாம், திறக்கலன்னா சரிபண்ண நேரம் இருக்கு. "அந்த நீல ஸ்வெட்டர எடுத்தியா"ன்னு கேக்காதீங்க, எடுக்கலன்னு தெரிஞ்சு இப்ப யாரு என்ன பண்றது, வழி பூரா அந்த ஸ்வெட்டர நினைச்சுக்கிட்டே போவாங்க.

காரியத்துல கடைசி வரைக்கும் கூட வர்ற ஒரே விஷயம், போய்ச் சேர்ந்ததும் சொல்றது. அதுலயும் யாருக்குச் சொல்லணும்னு பேரோட சொல்லிடணும். "சேர்ந்ததும் போன் பண்ணு"ன்னு அஞ்சு பேர் அஞ்சு தடவ சொன்னா இறங்கி பெட்டிய இழுத்துக்கிட்டு அஞ்சு பேருக்கும் பண்ணணும், இல்லன்னா ஒருத்தருக்கும் பண்ண மாட்டாங்க. "அம்மாவுக்கு மட்டும் ஒரு மெசேஜ் போடு, நான் அம்மாகிட்ட கேட்டுக்கறேன்"னு சொல்லிட்டா போறவங்களுக்குப் பெரிய சுமை இறங்கும்.

ரெண்டாவது: "சரி அப்ப..." எப்ப வருதுன்னு கவனிங்க

எந்தப் பேச்சும் பட்டுன்னு முடியறதில்ல. ஷெக்லாஃப், சாக்ஸ்னு ரெண்டு சமூகவியல் ஆய்வாளர்கள் போன் பேச்சுகளப் பதிவு பண்ணிக் கேட்டு 1973-ல இதப்பத்தி விரிவா எழுதினாங்க, போன வைக்கறதுக்கு முன்னாடி சரி, அப்புறம் மாதிரி ஒரு சின்ன வார்த்தைய ஒருத்தர் போடுவார், மத்தவரும் அதே மாதிரி ஒண்ணு போடுவார், அதாவது என்கிட்ட புதுசா சொல்ல எதுவும் இல்ல, உன்கிட்ட இருக்கான்னு ரெண்டு பேரும் கேட்டுக்கறாங்க, அதுக்கப்புறம் தான் உண்மையான விடைபெறுதல் வரும். நம்ம பேச்சுல அது "சரி அப்ப", "வேற என்ன", "அப்புறம்...", சில சமயம் வெறும் பெருமூச்சு.

ஸ்டேஷன்ல இது ரொம்ப உபயோகம். போறவங்க "சரி அப்ப"ன்னு சொன்னாங்கன்னா அதுதான் உங்களுக்கு வழி விடற இடம், அங்க புதுசா ஒரு விஷயத்த ஆரம்பிக்காதீங்க. அங்க போய் "ஆமா அந்த பேங்க் வேலை என்னாச்சு"ன்னு கேட்டா பேச்சு திரும்ப முதல்லேர்ந்து ஓடும், ரயில் அதுக்காக நிக்காது. அதே மாதிரி அவங்க சொல்ற வரைக்கும் நீங்க காத்துக்கிட்டு இருக்கணும்னும் இல்ல, ரயில் கிளம்ப அஞ்சு நிமிஷம் இருக்கறப்ப நீங்களே "சரிடா அப்ப"ன்னு ஆரம்பிச்சு வைக்கலாம்.

மூணாவது: அந்த ஒரு வாக்கியம்

இத முன்னாடியே மனசுல தயார் பண்ணிக்கங்க. தயார் பண்ணிட்டா அது பொய்யாயிடுமோன்னு சிலர் நினைப்பாங்க, ஆகாது, தொண்டை அடைக்கற நேரத்துல வார்த்தைய தேடினா கிடைக்காது, அதுக்குத்தான் முன்னாடியே எடுத்து வெச்சுக்கறது.

கூப்பிடற பேரு முதல்ல வரணும். இரைச்சல்ல அவங்கவங்க பேரு காதுல விழற மாதிரி வேற எந்த வார்த்தையும் விழாது. பேரு சொல்லி அவங்க கண்ணு உங்க பக்கம் திரும்பினதுக்கு அப்புறம் மீதிய சொல்லுங்க. "நல்லா சாப்பிடு கவின்"னு சொன்னா "கவின்" மட்டும் தான் கேக்கும், "கவின்... நல்லா சாப்பிடு"ன்னா முழுசும் கேக்கும்.

அடுத்து "போயிட்டு வா". இதுக்கு மேல ஒரு வார்த்தைய யாரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லன்னு நான் நினைக்கறேன். நம்ம பாஷைல போறவங்க "போறேன்"னு சொல்ல மாட்டாங்க, "வரேன்"னு தான் சொல்வாங்க, அனுப்பறவங்களும் "போ"ன்னு நிறுத்த மாட்டாங்க, "போயிட்டு வா"ன்னு திரும்பி வர்றதையும் சேர்த்தே சொல்வாங்க. பிரியற வார்த்தைக்குள்ளயே அடுத்த சந்திப்பு இருக்கு. அதுலயும் கடைசி எழுத்து "வா", வாய நல்லா திறந்து நீட்டக்கூடிய சத்தம், தூரத்துலயும் கேக்கும்.

வயசுக்கும் உறவுக்கும் தகுந்த மாதிரி அது மாறும். தம்பிக்கு "போயிட்டு வாடா", தங்கச்சிக்கு "போயிட்டு வாடி", அத்தை பெரியம்மா மாதிரி பெரியவங்களுக்கு "போயிட்டு வாங்க அத்தை". மாப்பிள்ளை மருமகள்னா சிலர் திடீர்னு ரொம்ப மரியாதையாகி "தங்கள் பயணம் இனிதாகட்டும்"ங்கற அளவுக்குப் போயிடுவாங்க, வேண்டாம், வீட்ல எப்படிக் கூப்பிடுவீங்களோ அதே தான் இங்கயும். தினமும் "டேய்"னு கூப்பிடற பையன ஸ்டேஷன்ல "கண்ணா"ன்னு கூப்பிட்டா அவனுக்கு உங்க பாசம் தெரியறதுக்கு முன்னாடி ஏதோ விபரீதம்னு தான் தோணும்.

அதோட ஒட்டிக்கிட்டு இன்னொரு சின்னத் துண்டு சேர்க்கலாம், அவங்களுக்கு மட்டும் பொருந்தறதா. முதல் தடவ வீட்ட விட்டுப் போற பொண்ணுக்கு "எப்ப வேணா கூப்பிடு, ராத்திரி ஆனாலும்". உடம்பு சரியில்லாம வைத்தியத்துக்குப் போறவருக்கு "நான் தினம் பேசறேன்". துக்கத்துக்குக் கிளம்பிப் போறவங்களுக்கு மட்டும் ஹேப்பி ஜர்னி, நல்லபடியா என்ஜாய் பண்ணு மாதிரி எதுவும் வாய்ல வந்துடாம பாத்துக்கங்க, பழக்கத்துல வந்துடும், அவங்களுக்கு "பாத்துப் போங்க, போன் பக்கத்துலயே வெச்சிருக்கேன்" போதும்.

சொல்லக்கூடாததுன்னு நான் வெச்சிருக்கறது மூணு தான். வயசானவங்ககிட்ட "இனிமே எப்ப பாக்கறதோ", அவங்க அதத்தான் ஏற்கனவே நினைச்சுக்கிட்டு இருப்பாங்க. வீட்ட விட்டுப் போற பிள்ளைங்ககிட்ட "நீ இல்லாம எப்படி இருக்கப் போறேனோ", உங்க பாரத்தையும் சேர்த்து அவங்க தலைல வைக்கற மாதிரி ஆயிடும். அப்புறம் பழைய சண்டைக்கு விளக்கம். "அன்னைக்கு நான் அப்படிச் சொன்னது ஏன்னா"ன்னு ஆரம்பிச்சா பாதில ரயில் போயிடும், பாதி விளக்கம் முழு சண்டைய விட மோசம். மனசு கேக்கலன்னா "அன்னைக்கு நான் பேசினது தப்பு"ன்னு மூணு நாலு வார்த்தைல முடிச்சுட்டு கைய பிடிச்சுக்கங்க, அது போதும்.

அக்கா பொண்ணு கிளம்பின அன்னைக்கு

இதெல்லாம் சேர்ந்து எப்படி வரும்னு ஒண்ணு சொல்றேன். எங்க அக்கா பொண்ணு முதல் வேலைக்குப் போனா, ராத்திரி ரயில். நான், அக்கா, அத்தான் மூணு பேரும் போயிருந்தோம். 40 நிமிஷம் முன்னாடியே போயிட்டோம், பெட்டி எங்க நிக்கும்னு பாத்து அங்கயே நின்னோம், பிளாட்பாரத்துல ஓடி வந்து மூச்சு வாங்கிக்கிட்டு எந்த நல்ல வார்த்தையும் வராது.

ரயில் வந்ததும் அத்தான் பெட்டிய உள்ள வெச்சுட்டு இறங்கிட்டார். இறங்கிடணும், சீட்ல உக்காந்து பேசிட்டு கடைசி நிமிஷத்துல கூட்டத்துக்குள்ள இறங்கறது ஆபத்து, சில ரயில்ல கதவு தானா மூடிக்கும். பத்து நிமிஷம் இருக்கறப்ப பொண்ணு வாசல்ல வந்து நின்னா. அக்கா சொல்லிக்கிட்டே போறாங்க, ரூமுக்குப் போனதும் தாழ்ப்பாள் போடு, பர்ஸ தலைகாணி அடில வை, யாராவது ஏதாவது கொடுத்தா வாங்காத. அவ "ம்ம்... ம்ம்..."ங்கறா. அந்த "ம்ம்" ஒரே தாளத்துல வர ஆரம்பிச்சதுன்னா காதுல ஏறலன்னு அர்த்தம். ஏறுதுன்னா நடுவுல ஒரு எதிர்க்கேள்வி வரும், இல்ல முகமாவது மாறும்.

நான் அக்கா கைய லேசா அழுத்திட்டு, "சரிடி அப்ப, இறங்கினதும் அம்மாவுக்கு மட்டும் மெசேஜ் போடு, எனக்கு வேண்டாம்"னேன். அவ "சரி சித்தி"ன்னா. அதோட காரியம் முடிஞ்சுது. அக்காவுக்கும் புரிஞ்சுது, பேச்ச நிறுத்திட்டாங்க. அந்த நேரம் பாத்து ஒலிபெருக்கில அறிவிப்பு வந்துச்சு, நாங்க யாரும் அதுக்கு மேல கத்தல, அது முடியற வரைக்கும் சும்மா நின்னோம், அக்கா அவ முடிய காதுக்குப் பின்னாடி ஒதுக்கி விட்டாங்க.

சிக்னல் விழுந்து ஹாரன் அடிச்சதும் அத்தான் சொன்னது, "போயிட்டு வாம்மா". அக்கா அவ பேர மட்டும் கூப்பிட்டாங்க, அவ திரும்பினதும், "தைரியமா இரு". நான் "எப்ப வேணா கூப்பிடு"ன்னேன். அவ "வரேன்மா, வரேன்பா, வரேன் சித்தி"ன்னா. பெட்டி நகர்றதுக்குள்ள இவ்ளோவும் முடிஞ்சுடுச்சு. ரயில் நகர்ந்தப்ப வாசல்ல நிக்காம உள்ள போயிடுன்னு அவகிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிருந்தோம், போயிட்டா, ஜன்னல் வழியா கை தெரிஞ்சுது. நாங்க பிளாட்பார ஓரக்கோட்டுக்கு இந்தப் பக்கமே நின்னு கைய ஆட்டினோம். கூடவே ஓட வேண்டாம், தயவு செஞ்சு. ஓடறவங்க கண்ணு ஜன்னல்ல இருக்கும், கால் எங்க போகுதுன்னு பாக்க மாட்டாங்க.

ஏசி பெட்டின்னா இன்னும் ஒண்ணு, அந்தக் கண்ணாடிய திறக்க முடியாது, வெளிய பேசறது உள்ள கேக்காது. அவங்க சீட்ல போய் உக்காந்துட்டா வார்த்தை நேரம் முடிஞ்சுதுன்னு வெச்சுக்கங்க. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கறவங்ககிட்ட வாய அசைச்சு நீளமா பேசினா அவங்களுக்கு "என்ன? என்ன?"ன்னு பதட்டம் தான் வரும். வார்த்தைய வாசல்லயே முடிச்சுட்டு ஜன்னல்ல கையும் சிரிப்பும் மட்டும் வெச்சுக்கங்க.

ஏர்போர்ட்ல கணக்கு வேற

ரயில்ல ஒரே பிரிவு, ஏர்போர்ட்ல அது துண்டு துண்டா வரும். வண்டி நிக்கற இடத்துல ஒண்ணு, வாசல்ல ஒண்ணு, சில ஏர்போர்ட்ல பாதுகாப்பு சோதனை வரைக்கும் நாமளும் போகலாம், அங்க ஒண்ணு. ஒவ்வொரு இடத்துலயும் முழுசா விடைபெற்றா மூணாவது இடத்துல ரெண்டு பேருக்கும் சொல்ல ஒண்ணும் இருக்காது, சங்கடமா நிப்பீங்க. அதனால நீங்க எது வரைக்கும் போக முடியும்னு முன்னாடியே கேட்டுத் தெரிஞ்சுக்கங்க, அந்தக் கடைசி இடத்துல மட்டும் அந்த வாக்கியத்த சொல்லுங்க. வண்டி நிக்கற இடத்தோட சரின்னா, அங்க ரொம்ப நேரம் நிக்க விட மாட்டாங்க, பெட்டிய இறக்கறதுலயே அந்த ரெண்டு மூணு நிமிஷமும் போயிடும். அப்போ வண்டிக்குள்ள, ஏர்போர்ட் வாசல் வர்றதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடியே பேசிடுங்க, இறங்கினதும் பெட்டி, அணைப்பு, "போயிட்டு வா". டிராலி அவங்க கைக்குப் போறதுக்கு முன்னாடி அணைச்சுடுங்க, ரெண்டு கையும் டிராலில இருக்கறவங்களால திரும்ப அணைக்க முடியாது.

உள்ள போனதும் அவங்க ஒரு தடவ திரும்பிப் பாப்பாங்க, முக்காவாசி பேர் பாப்பாங்க. அதுக்காகவாவது அவங்க கண்ணுக்கு மறையற வரைக்கும் அங்கயே நில்லுங்க. பார்க்கிங் நேரம் ஆகுதுன்னு உடனே திரும்பிட்டா அவங்க பாக்கறப்ப உங்க முதுகு தான் தெரியும்.

உடனே போன் பண்ணாதீங்க. பெட்டி எடை, வரிசை, ஷூவ கழட்டி டிரேல வைக்கறதுன்னு கையே காலியா இருக்காது. அவங்க கேட்டுக்கு முன்னாடி போய் உக்காந்ததும் அவங்களே கூப்பிடுவாங்க, அப்ப அரை மணி கூட பேச நேரம் இருக்கும். வாசல்ல சொல்ல முடியாம போனதெல்லாம் அங்க சொல்லிக்கலாம், முகம் தெரியாததால அழுகைய அடக்கறதும் கொஞ்சம் சுலபம்.

ரயில் லேட்டாயிடுச்சுன்னா

எல்லாம் சொல்லி, கைய ஆட்டி, கண்ணத் தொடச்சப்புறம் ரயில் அங்கயே 20 நிமிஷம் நிக்கும். இது அடிக்கடி நடக்கும், அப்ப ரெண்டு பக்கமும் தவிப்பாங்க, விடைபெற்ற ஆளு முன்னாடியே நிக்கறப்ப என்ன பேசறது. திரும்பவும் அதே உருக்கத்த கொண்டு வரப் பாக்காதீங்க, வராது. சாதாரணமா வீட்ல பேசற மாதிரி பேசுங்க, எதிர் சீட்ல யாரு, ஃபேன் ஓடுதா, தம்பி என்ன பண்றான். இந்தத் தடவ நிஜமாவே கிளம்பறப்ப "வரேன்", "ம், வா", அவ்ளோ சின்னதா இருந்தாலே போதும், பெருசு ஏற்கனவே சொல்லியாச்சு.

அழுகை வந்தா

போறவங்க அழுதா "அழாத"ன்னு சொல்லாதீங்க, அது அழுகைய நிறுத்தாது, அழறது தப்புன்னு வேற ஆயிடும். "சரி... சரி..."ன்னு கைய பிடிச்சுக்கங்க, இல்ல முதுகுல தட்டிக் கொடுங்க. உங்களுக்கு வந்தா நீளமா பேச முயற்சி பண்ணாதீங்க, நீள வாக்கியம் பாதில உடையும், அதப் பாத்து அவங்களும் உடைவாங்க. ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு, மூச்ச வெளிய விட்டுட்டு, ரெண்டே வார்த்தை, "போயிட்டு வா". அதுவும் வரலன்னா தலைல கை வெச்சாலே அவங்களுக்குப் புரியும். சின்னப் பிள்ளைங்க கூட இருந்தா அவங்கள "டாட்டா சொல்லு, முத்தம் கொடு"ன்னு பிடிச்சுத் தள்ளாதீங்க, அவங்களா கைய ஆட்டினா ஆட்டட்டும்.

வீடு திரும்பினதும் ஒரு மெசேஜ் போட்டு வைங்க, "நாங்க வீட்டுக்கு வந்துட்டோம், நீ தூங்கு"ன்னு. நாம அவங்க போய்ச் சேர்ந்தாங்களான்னு பாத்துக்கிட்டு இருக்கற மாதிரியே அந்த இருட்டுல நாம வீடு வந்து சேர்ந்தோமான்னு அவங்களும் மேல் பெர்த்ல படுத்துக்கிட்டு போனையே பாத்துக்கிட்டு இருப்பாங்க.